5-ம் தேதி தவணை, 7-ம் தேதி சம்பளம்

தவணைத் தேதியை மாற்றித் தரும்படி கேட்க ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் என்ன காரணம் எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

புணேயில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. மாதக் கடைசியில் சம்பளம் போட்டுவந்த நிர்வாகம் 7-ம் தேதிக்கு மாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வேலை பார்க்கும் ஒருவருக்கு 6 லட்ச ரூபாய் கடன் பாக்கி. வட்டி 12 சதவீதம். தவணை பிடிப்பது 5-ம் தேதி. சம்பளம் குறையவில்லை, செலவும் கூடவில்லை. ஆனாலும் மாதாமாதம் இரண்டு நாள் அவர் தவணை தவறியவர் ஆகிவிடுகிறார்.

இரண்டு நாள்தானே என்று கம்ப்யூட்டர் விடுவதில்லை. தவணைத் தேதியன்று இரவு கணக்கு முடிக்கும்போது முழுப்பணம் வராவிட்டால் அன்றிலிருந்தே பாக்கி நாள் எண்ணப்படும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்கள் சிபில் போன்ற நிறுவனங்களுக்கு மாதம் இருமுறையாவது போகின்றன. கட்டணம் வேறு. தவணை திரும்பினால் கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம் போடும், சம்பளக் கணக்கு உள்ள வங்கி இன்னொன்று போடும். தலா 500 ரூபாய் என்றால்கூட ஒரே மாதத்தில் 1,000 ரூபாய் போச்சு.

தேதியை 10-க்குத் தள்ளினால் எவ்வளவு செலவு? ஐந்து நாள் வட்டி மட்டும்தான். 6 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 197 ரூபாய். ஐந்து நாளுக்கு 986. அதுவும் ஒரே ஒரு தடவை. தேதி மாற்றத்துக்கென்று தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் இருப்பதால் அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

7-ம் தேதியையே கேட்கலாமே என்று தோன்றும். ஆனால் சம்பளம் சாயங்காலம் வரலாம், தவணை காலையிலேயே பிடிக்கப்படலாம். தவணை பிடிக்கும் 'நாச்' முறை 2021 ஆகஸ்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் இயங்குகிறது. கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுதான் இயங்குவதில்லை. எனவே சம்பளத்துக்கும் தவணைக்கும் நடுவே இரண்டு, மூன்று நாள் இடைவெளி வேண்டும்.

கடிதம் எழுத உட்காரும் பலர், இரக்கம் வரட்டும் என்று "குடும்பத்தில் பணக் கஷ்டம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இது வம்பு. கடனாளியின் பண நெருக்கடியை முன்னிட்டுத் தரும் சலுகைக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளில் கடன் மறுசீரமைப்பு என்று பெயர். அந்த முத்திரை விழுந்தால் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். நெருக்கடி உண்மையிலேயே இருந்தால் மறைக்கக் கூடாது. அது வேறு விண்ணப்பம். மாறியது தேதி மட்டும் என்றால் அதை மட்டும் சொல்வதே சரி:

"என் நிறுவனம் சம்பள நாளை மாதக் கடைசியிலிருந்து 7-ம் தேதிக்கு மாற்றியுள்ளது. நிறுவனத்தின் கடிதமும் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரமும் இணைத்துள்ளேன். இதுவரை தவணை எதுவும் பாக்கியில்லை. தவணைத் தொகையில் மாற்றம் கேட்கவில்லை. வரும் மாதம் முதல் தவணைத் தேதியை 5-லிருந்து 10-க்கு மாற்றக் கோருகிறேன். இடைப்பட்ட ஐந்து நாள் வட்டியைச் செலுத்தச் சம்மதம். புதிய தவணை அட்டவணையை எழுத்துமூலம் அனுப்பவும்."

கடன் கணக்கு எண், கையெழுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி. இவ்வளவுதான். "இதுவரை பாக்கியில்லை" என்ற வரிக்குத்தான் மதிப்பு அதிகம். ஏற்கெனவே இரண்டு தவணை திரும்பியபின் இதே கடிதம் போனால் அதே தயவு கிடைக்காது. தவணைப் பட்டியல் சில நாள் முன்பே வங்கிக்குப் போய்விடும் என்பதால் கடிதம் முந்தைய மாத நடுவிலேயே போய்ச் சேர வேண்டும்.

சம்மதிப்பது கடன் கொடுத்தவரின் விருப்பம். பல நிறுவனங்கள் தங்களுக்கு வசதியான இரண்டு, மூன்று தேதிகளில் ஒன்றைத்தான் தரும். மறுத்தால் கட்டாயப்படுத்த வழியில்லை. பதிலே வராவிட்டால் புகார் செய்யலாம். எழுத்துமூலப் புகாருக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

"சரி, மாற்றிவிட்டோம்" என்று போனில் சொன்ன பிறகும் சிலருக்குப் பழைய தேதியில் பணம் பிடிபடுகிறது. காரணம், பணம் எடுக்க முதலில் கையெழுத்திட்டுத் தந்த அனுமதிப் படிவம். அதில் உச்சத்தொகை உண்டு, முடிவுத் தேதியும் உண்டு. தவணையோடு 986 ரூபாய் சேரும்போது உச்சத்தொகை தாண்டினால் அந்தத் தவணையே திரும்பும். கடைசித் தவணை முடிவுத் தேதியைத் தாண்டிப் போனாலும் இதே கதி. அப்படியானால் புதிய படிவம் தர வேண்டியிருக்கும். பழையது ரத்தானதா என்று வங்கியில் விசாரிக்காவிட்டால் ஒரே மாதத்தில் இரண்டு தடவை பணம் போகவும் வாய்ப்புண்டு. புதிய அட்டவணை கைக்கு வரும்வரை 5-ம் தேதிக்கான பணம் கணக்கில் இருந்தே ஆக வேண்டும்.