சுளுக்கா, எலும்பு முறிவா? நாலு எட்டில் தெரிந்துகொள்ளலாம்!

ஈர வரப்பில் நடக்கும்போது கால் வழுக்கி, பாதம் உள்பக்கமாக மடங்குவது விவசாயிகளுக்கு அடிக்கடி நேர்வதுதான். அப்போது கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஜவ்வு இழுபடுகிறது. சில நேரம் கிழிந்தும் போகிறது. இதுதான் சுளுக்கு. கிழிந்த இடத்தில் ரத்தமும் நீரும் கசிவதால், கொஞ்ச நேரத்தில் கால் வீங்கிவிடுகிறது.

உடனே எண்ணெயைக் காய்ச்சித் தடவி, அழுத்தி நீவி விடுவது பல ஊர்களில் வழக்கம். முதல் 2, 3 நாள்களுக்கு இது கூடாது. சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி, கசிவும் வீக்கமும் அதிகமாகும். உள்ளே எலும்பு முறிந்திருந்தால், நீவும்போது அது விலகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அதற்குப் பதிலாக, ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வைக்க வேண்டும். 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். ஐஸை நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். பிறகு, கிரேப் பேண்டேஜை விரல்களுக்குச் சற்று மேலே தொடங்கி, கணுக்காலுக்கு மேல் வரை சுற்ற வேண்டும். விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். உடனே தளர்த்திவிட வேண்டும். படுக்கும்போது தலையணைகளை அடுக்கி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்தால் வீக்கம் வடியும்.

வீக்கத்தின் அளவை வைத்து முறிவைக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் சுளுக்கும் பந்துபோல வீங்கும். மருத்துவர்கள் பார்ப்பது வேறு. அடிபட்டவர் தாங்கித் தாங்கியாவது நாலு எட்டு வைக்கிறாரா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலோ, பின் ஓரத்தில் அங்கிருந்து 6 செ.மீ உயரத்துக்குள்ளோ விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம், பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பும், உள்பக்கம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பும் வலிக்கின்றனவா? நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலும், இந்த எலும்புகளில் ஒன்று வலித்தாலும் எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும். கனடாவில் உருவான இந்தச் சோதனைக்கு ‘ஒட்டாவா விதி’ என்று பெயர்.

உதாரணமாக, ஒருவர் நொண்டியபடி வீடு வரை நடந்து வருகிறார். வெளிப்பக்க எலும்புக்கு முன்னால் உள்ள பள்ளத்தில்தான் வலி. எலும்பை அழுத்தினால் வலியில்லை. இது பெரும்பாலும் சுளுக்குத்தான். இன்னொருவருக்கு வீக்கம் குறைவு. ஆனால், எலும்பின் பின் ஓரத்தைத் தொட்டாலே துடிக்கிறார். இவர்தான் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.

கால் கோணியிருந்தாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ, பாதம் மரத்து ஜில்லிட்டாலோ இந்தச் சோதனையே வேண்டாம். இருந்த நிலையிலேயே மட்டை வைத்துக் கட்டி உடனே கொண்டுசெல்ல வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு முறிவின் வலி தெரியாமல் போகலாம். அவர்களும் சிறு குழந்தைகளும் நேராக மருத்துவரிடம் போவதே நல்லது.

சுளுக்குதான் என்றால், 2, 3 நாளில் வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழக்கலாம். 5 நாள் கழித்தும் கால் ஊன்ற முடியாவிட்டால், மறுபடியும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.