ஒரு மைக்ரோமீட்டரும் நான்கு பிரிவுகளும்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் சின்னப் பட்டறைகளில் பல, வாங்குகிற கம்பெனி கேட்பதால்தான் ஐஎஸ்ஓ 9001 பக்கமே வருகின்றன. சான்றிதழ் இருந்தால்தான் வெண்டர் பட்டியலில் பெயர் ஏறும் என்று சொல்லிவிடுவார்கள். ஆலோசகர் ஒருவர் வந்து கேள்விப்பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போவார். 7.1.5, 8.5.2, 8.7, 10.2 என்று எண்கள், பக்கத்தில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று கட்டங்கள். முதலாளி எல்லாவற்றுக்கும் ‘உண்டு’ போட்டுவிட்டு ஆடிட் தேதியைப் பார்த்துக் காத்திருப்பார்.

அந்த எண்கள் தனித்தனிக் கேள்விகளாக இருந்தால் இது போதும். ஆனால் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. அனுபவமுள்ள ஆடிட்டர் பரிசோதனை மேஜையில் கிடக்கும் ஒரு கருவியைக் கையில் எடுத்து அங்கிருந்து கேட்டுக்கொண்டே போவார். அரை மணி நேரத்தில் நான்கு பிரிவுகளைத் தாண்டியிருப்பார். அந்த வழியை முதலாளி முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

முதலில் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். ஐஎஸ்ஓ 9001-இன் 2015 பதிப்பில் பத்துப் பிரிவுகள். முதல் மூன்றும் அறிமுகமும் விளக்கமும்தான், ஆடிட் நடப்பது 4 முதல் 10 வரை. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையை வெளியிடுவதோடு சரி. சான்றிதழ் தருவது வேறு நிறுவனங்கள். அந்த நிறுவனத்துக்கு என்ஏபிசிபி போன்ற அங்கீகார அமைப்பின் ஏற்பு இருக்கிறதா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் சான்றிதழுக்கு ஆடிட் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் தயார்நிலையையும் ஆவணங்களையும் பார்ப்பார்கள், இரண்டாவதில் பட்டறையில் வேலை நடக்கும் விதத்தை.

இனி அந்த மேஜைக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு பட்டறை. பம்ப் ஷாஃப்டில் இம்பெல்லர் உட்காரும் இடத்தை 25 மி.மீ. விட்டத்துக்குக் கடைகிறார்கள். டிராயிங்கில் அனுமதித்திருப்பது 24.979 முதல் 25.000 மி.மீ. வரை. மொத்தம் 21 மைக்ரான் இடைவெளி. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அளப்பது நான்காம் எண் டிஜிட்டல் மைக்ரோமீட்டர்.

7.1.5 கேட்பது இது: பொருள் சரி என்று எந்தக் கருவியை நம்பிச் சொல்கிறீர்களோ, அதை எதை நம்பிச் சரி என்கிறீர்கள்? அளவு நம்பகமாக இருந்தே ஆக வேண்டிய இடத்தில், குறித்த கால இடைவெளியிலோ பயன்படுத்தும் முன்போ, தேசிய அல்லது சர்வதேச அளவுத்தரம் வரை தொடர்ச்சி காட்டக்கூடிய ஒன்றோடு கருவியை ஒப்பிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் அந்தச் சங்கிலி புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை போகும். நடைமுறையில், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கலிபிரேஷன் சான்றிதழ் கோப்பில் இருக்கும்.

‘வருடத்துக்கு ஒருமுறை’ என்று தரநிலையில் எங்கும் இல்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று முடிவு செய்வது பட்டறைதான். மூன்று ஷிஃப்டும் ஓடும் மைக்ரோமீட்டருக்கு ஆறு மாதம்கூட அதிகமாக இருக்கலாம், அலமாரியில் தூங்கும் கருவிக்கு இரண்டு வருடம் போதலாம். கம்பியை அறுக்கும் முன் தோராயமாக அளக்கிற ஸ்டீல் ஸ்கேலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ‘சரிபார்ப்புக்கு அல்ல’ என்று அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

சான்றிதழ் வந்ததும் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது என்ன? தேதியைப் பார்க்கிறார்கள், கோப்பில் போடுகிறார்கள். உள்ளே இருக்கும் அட்டவணையை யாரும் படிப்பதில்லை. அதில் ஆய்வகம் வைத்த ஸ்லிப் கேஜின் அளவு, கருவி காட்டிய அளவு, இரண்டுக்கும் உள்ள பிழை, அந்த அளவீட்டின் ஐயப்பாடு ஆகியவை இருக்கும். தனியாகக் கேட்டிருந்தாலொழிய, கருவி தேறியதா என்று ஆய்வகம் தீர்ப்புச் சொல்லாது. பிழை இவ்வளவு என்று சொல்லும், அவ்வளவுதான். இந்த வேலைக்கு அந்தப் பிழை பரவாயில்லையா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் பட்டறைக்காரர். ‘இந்தச் சான்றிதழை யார் படித்துப் பார்த்தார்கள்?’ என்று ஆடிட்டர் கேட்கும் இடத்தில்தான் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

நமது பட்டறையில் இந்த முறை நான்காம் எண் மைக்ரோமீட்டரின் பிழை 12 மைக்ரான் என்று வந்திருக்கிறது. 25.000 மி.மீ. ஸ்லிப் கேஜை அது 24.988 என்று காட்டுகிறது. முழுக்க மூடினால் பூஜ்யத்துக்கும் 12 மைக்ரான் கீழே. இப்படி ஆவதற்கு வழக்கமான ஒரு காரணம் உண்டு. ஷிஃப்ட் தொடக்கத்தில் அளவு முகங்களைத் துடைக்காமல், இடையில் எண்ணெய்ப் பிசுக்கோ மெல்லிய பிசிறோ இருக்கும்போதே யாரோ மூடிப் பூஜ்யப் பொத்தானை அழுத்தியிருப்பார்கள். பிறகு முகம் சுத்தமானதும், அந்தப் பிசுக்கின் தடிமன் அளவுக்கு ஒவ்வொரு அளவும் குறைந்தே தெரியும். கருவியின் அளவைக் கெடுக்கும் திருத்தங்களிலிருந்து அதைக் காக்க வேண்டும் என்று 7.1.5-இலேயே ஒரு வரி இருப்பது இதற்காகத்தான்.

அதே பிரிவின் கடைசி வரி இன்னும் முக்கியமானது. கருவி சரியில்லை என்று தெரிந்தால், அதை வைத்து இதுவரை அளந்தவை பாதிக்கப்பட்டனவா என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கேள்விப்பட்டியலில் இது ஒரு வரி. பட்டறையில் இரண்டு நாள் வேலை.

கணக்கு இப்படி. 12 மைக்ரான் குறைவாகக் காட்டும் கருவியில் 24.995 என்று வந்த ஷாஃப்ட் உண்மையில் 25.007. டிராயிங் எல்லையைத் தாண்டிவிட்டது. இம்பெல்லர் துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம் என்பதால், துளை சின்னதாக அமைந்த ஒன்றில் இந்த ஷாஃப்ட் நுழையாது. அசெம்பிளியில் சுத்தியலால் தட்டுவார்கள். ஆக, இந்தக் கருவியில் 24.988-க்கு மேல் பதிவான எல்லாமே சந்தேகத்துக்குரியவை. எதிர்ப்பக்கமும் நஷ்டம்தான். 24.967-க்கும் 24.979-க்கும் நடுவே காட்டியதால் ‘விட்டம் குறைவு’ என்று ஸ்க்ராப்பில் போட்டவை உண்மையில் நல்ல ஷாஃப்டுகள்.

எத்தனை நாள் பின்னோக்கிப் போவது? கருவி கடைசியாகச் சரியாக இருந்தது என்பதற்கு ஆதாரம் உள்ள நாள் வரை. போன கலிபிரேஷன் மட்டுமே ஆதாரம் என்றால், ஒரு வருட உற்பத்தி முழுவதும் சந்தேகத்தில் விழும். ஷிஃப்ட் தொடக்கத்தில் ஸ்லிப் கேஜ் வைத்துப் பார்த்து ஒரு தாளில் எழுதும் பழக்கம் இருந்திருந்தால், அந்தத் தாளில் கடைசியாக 25.000 என்று எழுதிய நாளோடு நின்றுவிடலாம். தினமும் இரண்டு நிமிட வேலை அது.

இங்கேதான் 8.5.2 நுழைகிறது. அந்தக் கருவியால் அளந்த ஷாஃப்டுகள் எவை என்று கண்டுபிடிக்க முடியுமா? ஒவ்வொரு ஷாஃப்டிலும் எண் வெட்ட வேண்டும் என்று இந்தப் பிரிவு சொல்லவில்லை. தடம் தேட வேண்டிய அவசியம் இருக்கும் இடத்தில் அடையாளம் இருக்க வேண்டும், பரிசோதனை முடிந்ததா இல்லையா என்பது பார்த்தாலே தெரிய வேண்டும் என்கிறது. லாட் கார்டும், பரிசோதனைத் தாளில் ‘கருவி எண்’ என்று ஒரு கட்டமும் இருந்தால் பெரும்பாலும் போதும். அந்தக் கட்டம் இல்லாத பட்டறையில் நான்கு மைக்ரோமீட்டர் இருந்தால், நான்கும் அளந்த எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டியதுதான்.

நமது பட்டறையில் கட்டம் இருந்தது. தேடியதில் மூன்று லாட் கிடைத்தன. இருபதுக்கு ஒன்று என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். முதல் லாட்டில் பதிவான அதிகபட்சம் 24.985, உண்மையில் 24.997. எல்லைக்குள்தான், ஆனால் விளிம்பில். எல்லாவற்றையும் அளக்கவில்லை என்பதால், ஸ்டோரில் மிச்சமிருப்பதை எடுத்து இன்னொரு மைக்ரோமீட்டரால் அளந்து, சரி என்று காரணத்தோடு எழுதி வைக்கலாம். இரண்டாவது லாட்டில் 24.995 வரை பதிவு. அது நேற்றே சலான் போட்டு வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. மூன்றாவது லாட் ஸ்டோரில் இருக்கிறது.

இந்த இரண்டும் 8.7-இன் கீழ் வரும். தகுதி தப்பிய பொருள் தெரியாமல் பயன்பாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். மூன்றாவது லாட்டுக்குச் சிவப்பு அட்டை மாட்டித் தனி இடத்தில் வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். கூடுதலாக இருப்பதைச் சாணை பிடித்துக் குறைக்கலாம். குறைத்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது லாட் கைவிட்டுப் போயிருந்தாலும் 8.7 அதை விடாது. பொருள் போய்ச் சேர்ந்த பின் தெரியவரும் குறைக்கும் அது பொருந்தும்.

முதலாளி தயங்குவது இங்கேதான். ‘நாமே போன் பண்ணிச் சொன்னா ஆர்டர் போயிடாதுங்களா?’ என்று கேட்பார். சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தச் சலான், எத்தனை ஷாஃப்ட், எவ்வளவு அதிகம் இருக்கலாம் என்று மூன்று வரியில் சொன்னால், வாங்குபவர் அசெம்பிளிக்குப் போகும் முன் நிறுத்திவைப்பார். திருப்பி அனுப்பலாம், அல்லது 25.004 வரை தனக்குப் பரவாயில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். அந்த எழுத்து ஒப்புதல் கோப்பில் இருக்க வேண்டும். குறை என்ன, என்ன செய்தோம், யார் முடிவெடுத்தார் என்பதும் கூடவே இருக்க வேண்டும். வாய்மொழி ‘பரவாயில்லை’ ஆடிட்டில் நிற்காது, நாளைக்குத் தகராறு வந்தாலும் நிற்காது.

கடைசியாக 10.2. ஆடிட்டர்கள் அதிக நேரம் செலவிடும் பிரிவுகளில் இதுவும் ஒன்று. ‘காரணம்: ஆபரேட்டர் கவனக்குறைவு. நடவடிக்கை: பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று எழுதிய தாள் எத்தனையோ பட்டறைகளில் கிடைக்கும். அது காரணம் ஆகாது. துடைக்காமல் பூஜ்யப் பொத்தானை ஏன் அழுத்தினார்? துடைக்கத் துணி மேஜையில் இல்லை. எப்போது அழுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. அழுத்திய பின் சரிதானா என்று பார்க்க ஸ்லிப் கேஜ் சூப்பர்வைசரின் பூட்டிய டிராயரில் இருந்தது. இந்த மூன்றும் காரணங்கள், மூன்றையும் மாற்ற முடியும். ஆபரேட்டரைத் திட்டி மாற்ற முடியாதவை.

இதே குறை வேறு இடத்தில் இருக்கிறதா என்றும் 10.2 கேட்கிறது. மற்ற மூன்று மைக்ரோமீட்டர்களையும் அன்றைக்கே ஸ்லிப் கேஜில் வைத்துப் பார்த்து எழுதுவதுதான் இதற்குப் பதில்.

ஆடிட்டர் இவற்றை எப்படி எடைபோடுவார்? மற்ற கருவிகள் ஒழுங்காக இருந்து, ஒன்றின் கலிபிரேஷன் மட்டும் ஒரு மாதம் தாமதம் என்றால் பெரும்பாலும் சிறு குறைபாடு. திருத்தும் திட்டத்தை ஏற்றுக்கொண்டால் சான்றிதழ் கிடைக்கும். கலிபிரேஷன் என்ற ஏற்பாடே இல்லை, அல்லது 12 மைக்ரான் பிழை என்று சான்றிதழே சொல்லியும் அதே கருவியால் அளந்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் பெருங்குறைபாடு. அதைத் திருத்தி, அந்தத் திருத்தத்தை அவர்கள் சரிபார்க்கும் வரை முதல் சான்றிதழ் வராது. இரண்டாம் கட்ட ஆடிட்டின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது முடியாவிட்டால் அந்தக் கட்டத்தை மறுபடி நடத்த வேண்டும். சான்றிதழ் வாங்கியதோடும் வேலை முடியாது. அது மூன்று வருடம் செல்லும், நடுவில் வருடாந்திரக் கண்காணிப்பு ஆடிட் உண்டு.

அந்தக் கண்காணிப்பு ஆடிட்டில் போன வருடத்துத் திருத்த நடவடிக்கையை மறுபடி எடுப்பார்கள், ஏனென்றால் நடவடிக்கை பலித்ததா என்று பார்ப்பதும் 10.2-இன் பகுதி. நமது பட்டறைக்கு அதன் அர்த்தம் இவ்வளவுதான்: மூன்று மாதம் கழித்து ஷிஃப்ட் தாளை எடுக்க வேண்டும். எல்லா ஷிஃப்டிலும் நாளுக்கு நாள் ஒன்றிரண்டு மைக்ரான் வித்தியாசத்தோடு அளவு எழுதியிருந்தால், நடவடிக்கையை முடித்துக் கையெழுத்திடலாம். இரவு ஷிஃப்ட் கட்டங்கள் காலியாக இருந்தாலோ, மூன்று மாதமும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் 25.000 என்றே நிரப்பியிருந்தாலோ, அந்தக் கோப்பை மூடக் கூடாது. இரவில் ஸ்லிப் கேஜ் யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.