‘ஸ்லாப் ஓவர் சார்’: சைட் செய்தி வார அறிக்கையாகும் விதம்

கட்டுமான இடத்தில் நிற்கும் சைட் இன்ஜினியர், அன்றன்றைய வேலையை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். கேட்பவரும் அதே தொழிலில் இருப்பதால் பாதி சொன்னாலே போதும். வீட்டு உரிமையாளருக்கு அது போதாது. கொடுத்த பணத்துக்கு எந்த வேலை எவ்வளவு நடந்தது, சொன்ன தேதியில் நடந்ததா, தான் முடிவெடுக்க வேண்டியது ஏதாவது உண்டா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். ஒரு வாரச் செய்திகளைத் திரட்டி இந்த மூன்றுக்கும் விடை தரும் தாளாக மாற்றுவதே வார அறிக்கை எழுதும் வேலை.

தாம்பரம் பக்கம் கட்டப்படும் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தரைத்தளத்துக்கு மேல் சுமார் 1,200 சதுர அடிக்கு ரூஃப் கான்கிரீட் போடும் வாரம் அது. உரிமையாளர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நவம்பர் 11, திங்கள் முதல் அலுவலகத்துக்கு வந்த செய்திகள் இவை:

திங்கள்: ‘சென்ட்ரிங் முக்கால்வாசி ஆச்சு சார். நாளைக்குக் கம்பி.’
செவ்வாய்: ‘மழை சார். மதியத்துக்கு மேல ஒண்ணும் ஓடல.’
புதன்: ‘கம்பி ஓடிட்டிருக்கு. 8 எம்எம் பத்தல, கடைக்குச் சொல்லியாச்சு.’
வியாழன்: ‘எலக்ட்ரீஷியன் பைப் போட்டுட்டாரு. ஓனரோட அப்பா வந்தாரு, படிக்கட்டுப் பக்கம் ஒரு ஃபேன் பாயின்ட் கேட்டாரு, பாக்ஸ் வச்சாச்சு. கம்பி கிட்டத்தட்ட ஓகே.’
வெள்ளி: ‘கன்சல்டன்ட் பாத்துட்டாரு. ரெண்டு எடத்துல கவர் பிளாக் கம்மின்னாரு, போட்டாச்சு. நாளைக்குக் காங்கிரீட்.’
சனி: ‘ஸ்லாப் ஓவர் சார். 4 வண்டி. கடைசி வண்டி கொஞ்சம் லேட். க்யூப் எடுத்தாச்சு.’
ஞாயிறு: ‘பாத்தி கட்டித் தண்ணி விட்டாச்சு.’

எழுதும் முன் கேட்க வேண்டியவை

இந்த வரிகளை அப்படியே நல்ல தமிழில் மாற்றினால் பார்க்க அறிக்கை போலவே இருக்கும். ஆனால் ‘முக்கால்வாசி’ என்பது எவ்வளவு, ‘கொஞ்சம் லேட்’ என்பது எத்தனை நிமிடம் என்பது அதில் இருக்காது. எழுதுபவர் இதைத் தானாக ஊகித்து நிரப்பக் கூடாது. ‘கம்பி கிட்டத்தட்ட ஓகே’ என்பதை ‘கம்பி கட்டும் பணி வியாழனன்று நிறைவடைந்தது’ என்று மாற்றினால், மறுநாள் கன்சல்டன்ட் குறை கண்டதாக வரும் வரி அதோடு மோதும்.

ஆகவே முதலில் சைட்டுக்கு ஒரு போன். இந்த வாரத்துக்கு நான்கு கேள்விகள் போதும். கான்கிரீட் முதலில் எந்தத் தேதிக்குத் திட்டமிடப்பட்டது? நான்கு வண்டியிலும் சேர்த்து எத்தனை கனமீட்டர், கடைசி வண்டி ஆலையில் கிளம்பிய நேரமும் இறக்கி முடித்த நேரமும் என்ன? க்யூப் எத்தனை, எந்தெந்த வண்டியில் எடுத்தது? 8 எம்எம் கம்பி எப்போது வந்து சேர்ந்தது?

விடைகளில் பெரும்பாலானவை இன்ஜினியரின் நினைவில் அல்ல, தாளில் இருக்கும். ஒவ்வொரு ரெடிமிக்ஸ் வண்டியோடும் வரும் டெலிவரி சலானில் அளவு, கலவையின் கிரேடு, லோடு ஏற்றிய நேரம் எல்லாம் அச்சாகியிருக்கும். கம்பிக்குக் கடை பில் உண்டு. இங்கே சலான்படி வந்தது 6, 6, 6, 2 என மொத்தம் 20 கனமீட்டர், எம்25 கிரேடு. வரைபடக் கணக்கு, பீம்களையும் சேர்த்து, 19 கனமீட்டர். கான்கிரீட் திட்டமிட்ட நாள் வெள்ளி, நடந்தது சனி.

நாள் வரிசையிலிருந்து பொருள் வரிசைக்கு

செய்திகள் நாள் வரிசையில் வருகின்றன. அறிக்கை வேலை வரிசையில் இருக்க வேண்டும். கம்பியைப் பற்றிய தகவல் புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாட்களில் சிதறிக் கிடக்கிறது. உரிமையாளருக்கு அது ஒரே வேலை. எல்லாவற்றையும் ஐந்து தலைப்பில் அடக்கலாம்: முடிந்த வேலை, தாமதமும் காரணமும், மாற்றங்கள், தரப் பதிவுகள், அடுத்த வாரமும் உரிமையாளர் செய்ய வேண்டியதும்.

இவற்றில் முதலாவது எளிது. சென்ட்ரிங், கம்பி, எலக்ட்ரிகல் பைப், கான்கிரீட் என நான்கு வரி. ஒவ்வொன்றுக்கும் திட்டமிட்ட நாள், முடிந்த நாள். ‘90 சதவீதம் முடிந்தது’ என்று எழுதுவதைத் தவிர்ப்பது நல்லது. எதில் 90 சதவீதம் என்பதை அந்த எண் சொல்லாது. ரூஃப் முடிந்ததும் ஒரு தவணை என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் இருப்பதால், ‘ரூஃப் முடிந்தது’ என்ற சொல்லுக்குப் பண மதிப்பும் உண்டு. கான்கிரீட் போட்டதையா, சென்ட்ரிங் பிரித்ததையா ஒப்பந்தம் ‘முடிந்தது’ என்கிறது என்று பார்த்து, அதே சொல்லை அறிக்கையிலும் பயன்படுத்த வேண்டும்.

தாமதத்தைப் பிரித்து எழுதுதல்

கான்கிரீட் ஒரு நாள் தள்ளிப் போனது. செவ்வாய் மதியத்துக்கு மேல் மழை; புதனன்று 8 எம்எம் கம்பி இல்லாமல் அரை நாள் வேலை நின்றது. ‘மழையால் ஒரு நாள் தாமதம்’ என்று எழுதிவிடத் தோன்றும். மழையை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் இரண்டும் ஒப்பந்தத்தில் ஒன்றல்ல. மழைக்கு ஒப்பந்தக்காரர் கூடுதல் நாள் கேட்க இடமிருக்கலாம். கம்பியைக் கணக்கிட்டு வாங்கி வைக்காதது அவர் பொறுப்பு. ‘மழையால் அரை நாள், 8 எம்எம் கம்பி வரத் தாமதமானதால் அரை நாள்’ என்று எழுதினால் கணக்கு நேராக இருக்கும். கம்பிக் கடை பில்லின் தேதி பின்னால் வெளிவந்தாலும் சிக்கல் இல்லை.

வாய்வார்த்தையாகச் சொன்ன மாற்றம்

அந்த வாரச் செய்திகளிலேயே அதிகக் கவனம் வேண்டுவது ஃபேன் பாயின்ட். சைட்டில் அது ஒரு பாக்ஸும் சில அடி பைப்பும்தான். கேட்டவர் உரிமையாளரின் அப்பா. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் மகன். கூடுதல் செலவு பில்லில் வரும்போது, ‘இதை யார் கேட்டது?’ என்ற கேள்வி மகனிடமிருந்து வரும். கான்கிரீட் போட்டபின் பாக்ஸ் வைக்க முடியாது என்பதால் இன்ஜினியர் உடனே வைத்ததில் நியாயம் உண்டு. அறிக்கையில் அது தனி வரியாக வர வேண்டும்: யார், எந்த நாளில் கேட்டார், என்ன செய்யப்பட்டது, வயரிங்கும் செலவும் உரிமையாளரின் எழுத்து ஒப்புதலுக்குப் பிறகே என்பது வரை. ‘முடிந்த வேலை’ பட்டியலுக்குள் இதைச் செருகிவிட்டால் கண்ணில் படாமலே போகும்.

தரம்: தெரிந்ததை மட்டும்

‘கான்கிரீட் தரமாகப் போடப்பட்டது’ என்ற வரி நவம்பர் 17 அன்று யாராலும் எழுத முடியாதது. கான்கிரீட்டின் வலிமை 28ஆம் நாள் க்யூப்களை உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். இங்கே அது டிசம்பர் 14. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456இன்படி 16 முதல் 30 கனமீட்டர் வரையிலான கான்கிரீட்டுக்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று க்யூப் எடுக்க வேண்டும். ஆகவே ‘க்யூப் எடுத்தாச்சு’ என்பதற்குப் பொருள் 9 க்யூப் என்றால்தான் சரி. அதற்குக் குறைவாக எடுத்திருந்தால் அந்த எண்ணையே எழுத வேண்டும். எடுக்காத க்யூபைப் பிறகு எடுக்க வழியில்லை.

‘கடைசி வண்டி கொஞ்சம் லேட்’ என்ற வரியை நீக்கவும் கூடாது, அப்படியே விடவும் கூடாது. லேட் என்றால் இரண்டு கவலை. ஒன்று, கலவை வண்டியிலேயே பழசாவது, ரெடிமிக்ஸுக்கான ஐ.எஸ். 4926, லோடு ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் தரலாம். மற்றொன்று, முன்பு போட்ட கான்கிரீட் இறுகியபின் புதியதைச் சேர்த்தால் இரண்டும் ஒட்டாமல் இணைப்புக் கோடு விழும். பின்னாளில் நீர் கசிவது அந்தக் கோட்டில்தான். இங்கே சலானில் லோடு ஏற்றிய நேரம் 1.20, இறக்கி முடித்தது 3.10. மூன்றாம் வண்டிக்கும் நான்காம் வண்டிக்கும் இடைவெளி 45 நிமிடம். அந்த ஓரத்தில் வைப்ரேட்டர் ஊசி தன் எடையிலேயே உள்ளே இறங்கியது என்றார் இன்ஜினியர். கலவை இன்னும் இறுகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். பயமுறுத்திய வரி, நேரங்களோடு எழுதியதும் தெளிவான பதிவாகிறது.

கான்கிரீட்டுக்குள் மறைந்துபோகும் கம்பிக்கும் பைப்புக்கும் படம்தான் சான்று. பத்துப் படங்களைக் கொட்டுவதைவிட, அளவு டேப்பை வைத்து எடுத்த கம்பி இடைவெளி, திருத்தியபின் கவர் பிளாக், ஃபேன் பாக்ஸ் இருக்குமிடம் என மூன்று படங்கள், தேதியோடும் ஒரு வரி விளக்கத்தோடும் போதும்.

எழுதி முடித்த வடிவம்

> வார அறிக்கை: நவம்பர் 11 – 17
>
> சுருக்கம்: தரைத்தள ரூஃப் கான்கிரீட் நவம்பர் 16 அன்று போடப்பட்டது. திட்டமிட்ட நாள் நவம்பர் 15.
>
> முடிந்த வேலை: சென்ட்ரிங், கம்பி, எலக்ட்ரிகல் பைப், கான்கிரீட் (எம்25, 20 கனமீட்டர், 4 வண்டி). நீர் தேக்கிக் கியூரிங் நவம்பர் 17இல் தொடங்கியது.
>
> தாமதம்: 1 நாள். மழை அரை நாள். 8 எம்எம் கம்பி வரத் தாமதம் அரை நாள்.
>
> மாற்றம்: நவம்பர் 14 அன்று தங்கள் தந்தையார் கேட்டபடி படிக்கட்டு அருகே ஒரு ஃபேன் பாக்ஸ் வைக்கப்பட்டது. வயரிங்குக்குத் தங்கள் ஒப்புதல் தேவை. செலவு விவரம் தனியே.
>
> தரப் பதிவு: நவம்பர் 15 அன்று கன்சல்டன்ட் ஆய்வு, இரண்டு இடங்களில் கவர் பிளாக் குறைவு, அன்றே சரிசெய்யப்பட்டது. க்யூப் 9, சோதனை டிசம்பர் 14. நான்காம் வண்டிக்கு முன் 45 நிமிட இடைவெளி. லோடு ஏற்றியதிலிருந்து 1 மணி 50 நிமிடத்தில் இறக்கப்பட்டது.
>
> அடுத்த வாரம்: கியூரிங் தொடரும். முட்டு எதுவும் பிரிக்கப்படாது.
>
> தங்களிடம் வேண்டுவது: ஃபேன் பாயின்ட் ஒப்புதல், நவம்பர் 20க்குள்.

‘கியூரிங் தொடரும்’, ‘முட்டு பிரிக்கப்படாது’ என்ற இரண்டு வரிகளும் எந்தச் செய்தியிலும் இல்லை. ஆனாலும் வர வேண்டியவை. சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும். சாதாரண சிமென்டிலேயே 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டுகளை 14 நாள் கழித்தே எடுக்கலாம் என்கிறது ஐ.எஸ். 456. இதை எழுதாவிட்டால், வாரம் முழுக்க ஆளே இல்லாத சைட்டைப் பார்க்கும் உறவினர் ‘வேலை நின்றுவிட்டது’ என்று சிங்கப்பூருக்குப் போன் போடுவார்.

அனுப்பும் முன் அறிக்கையை சைட் இன்ஜினியர் ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும். மூலச் செய்திகளையும் சலான்களையும் அழிக்காமல் அந்த வாரத்தின் பெயரிட்ட ஃபோல்டரில் வைக்க வேண்டும். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் அவற்றில் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிந்தால் அது அனுப்பத் தயார்.