பழைய மின்னஞ்சலுக்குள் புதைந்த எம்.சி.

தம்போயில் ஒரு தொழிற்சாலையில் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்த என் தோழிக்கு 2025 மார்ச்சில் காய்ச்சல். கிளினிக்கில் இரண்டு நாள் எம்.சி. எடுத்து, அன்றே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஆனாலும் அந்த இரண்டு நாளும் ‘அனுமதியின்றி வரவில்லை’ என்றே பதிவாகியிருந்தது.

பிப்ரவரியில் எடுத்த விடுப்புக்கான மின்னஞ்சலைத் திறந்து, அதற்கே பதில் அனுப்பி எம்.சி.யை இணைத்திருந்தார். அதனால் தலைப்பு `Re: Mohon cuti` என்றே இருந்தது. ஏற்கெனவே முடிந்துபோன விண்ணப்பத்தின் கீழ் அது சேர்ந்துவிட்டதால், யாரும் திறந்து பார்க்கவில்லை.

புதிய விடுப்புக்குப் புதிய மின்னஞ்சல்தான் எழுத வேண்டும். தோழியின் தலைப்பு இப்படி இருந்திருக்கலாம்:

```
Cuti Sakit, 10-11 Mac 2025, (nama), (no. pelajar)
```

கைப்பேசித் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும். ஆகவே விடுப்பின் வகை முதலில் வரட்டும். தேதியில் மாதத்தின் பெயரை எழுதுங்கள். 3/4 என்றால் ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்ற குழப்பம் வரும். பெயரும் மாணவர் எண்ணும் பிறகு தேடி எடுக்க உதவும். `Penting` என்று மட்டும் போட்டால் எதற்கான மின்னஞ்சல் என்றே தெரியாது.

எம்.சி. நகலைப் பிறகு அனுப்புவதென்றால், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பலாம். அது அதே விடுப்பைச் சேர்ந்தது. விடுப்பு நீண்டால், புதிய தேதிகளுடன் வேறொரு மின்னஞ்சல் எழுதுங்கள்.

காலையிலேயே மேற்பார்வையாளரை அழைத்தும் சொல்லிவிடுங்கள். அனுப்பியதாலேயே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.