வாயில் இரும்புச் சுவை எங்கிருந்து வருகிறது?

ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். கடைவாய்ப் பல்லின் ஈறு வீங்கிச் சீழ் வைத்ததால் பல் மருத்துவர் அதைச் சுத்தம் செய்து, பக்கத்துச் சொத்தைப் பல்லில் வெள்ளி அடைப்பு வைத்து, மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை, ஐந்து நாளைக்கு எழுதித் தருகிறார். மறுநாளே தண்ணீர் குடித்தாலும் காசை வாயில் அடக்கியதுபோல் இருக்கிறது. காரணம் எது?

முதலில் ஈறு. ரத்தத்தில் இரும்பு உண்டு. ஈறு கசியும்போது அந்த இரும்பு வாயிலுள்ள கொழுப்போடு வினைபுரிந்து ஒரு வாடையை எழுப்புகிறது. அதையும் நாம் சுவை என்றே உணர்கிறோம். அதனால் மூக்கைப் பொத்தினால் பெரும்பாலும் குறைந்துவிடும். காலையில் எழுந்ததும், பல் தேய்த்ததும் அதிகமாக இருக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் சற்று நேரம் அடங்கும். இவருக்குக் கொப்பளித்தும் அடங்கவில்லை.

அடுத்து அடைப்பு. வெள்ளி அடைப்பில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அருகிலோ எதிரிலோ வேறு உலோகக் கேப் இருந்தால், இரண்டுக்கும் நடுவே உமிழ்நீர் வழியாக மெல்லிய மின்னோட்டம் பாயும். பற்கள் தொடும் கணத்தில், அந்த ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்று இருக்கும். அடைப்பின் மேற்பரப்பு மங்க மங்கப் பெரும்பாலும் சில நாளில் தானாகக் குறையும். இவருக்கு வேறு உலோகக் கேப் இல்லை. சுவையும் நாக்கு முழுக்கப் பரவியிருக்கிறது.

மெட்ஃபார்மினும் இப்படிச் செய்யக்கூடியதே. ஆனால் அது பெரும்பாலும் மருந்து தொடங்கிய புதிதில் அல்லது அளவைக் கூட்டியபோது வரும். இவருக்கு மருந்தும் அளவும் மாறவில்லை.

எஞ்சுவது மெட்ரோனிடசோல். குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் இந்த மருந்து உமிழ்நீரிலும் கலந்து வருகிறது. எத்தனை முறை கொப்பளித்தாலும் புதிதாகச் சுரக்கும் உமிழ்நீர் அதைத் திரும்பக் கொண்டுவரும். ரத்தத்தில் இதன் அளவு சுமார் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். இவருக்கும் அப்படியே சுவை திரும்பியது.

சுவைக்குப் பயந்து மாத்திரையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. கிருமி மிஞ்சிவிடும். பொறுக்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா மருந்தும் இவ்வளவு சீக்கிரம் விலகாது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் டெர்பினாஃபின் சுவையையே மங்கச் செய்தால், மீள வாரங்களோ மாதங்களோ ஆகலாம். மருந்து முடிந்து இரண்டு வாரமாகியும் சுவை சரியாகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். எப்போது தொடங்கியது, அந்த வாரம் புதிதாக என்ன சாப்பிட்டீர்கள், எந்தப் பல்லுக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிக்கொண்டு போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது.