டாலருக்கு ஒரு முன்பேச்சு

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனம் ஐரோப்பிய பையர் ஒருவரிடம் 50,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பீஸுக்கு 4 டாலர். பணம் கைக்கு வர ஆறு மாதம் ஆகும். அன்று டாலர் 84 ரூபாய். நூல், நிட்டிங், டையிங், தையல், பேக்கிங் எல்லாம் சேர்த்து பீஸுக்கு 316 ரூபாய் அடக்கம். 4 டாலர் என்றால் 336 ரூபாய். ஆக, பீஸுக்கு 20 ரூபாய் லாபம். மொத்தம் 10 லட்சம்.

இந்தக் கணக்கில் செலவெல்லாம் ரூபாயில், வரவு மட்டும் டாலரில். ஆறு மாதத்தில் டாலர் 80க்கு இறங்கினால் பீஸுக்கு 4 ரூபாய்தான் மிஞ்சும். 79க்கு வந்தால் ஒன்றுமே மிஞ்சாது. தறியிலும் தையலிலும் எந்தக் குறையும் இல்லாமலே லாபம் முழுவதும் கரைந்துவிடும். இது வெறும் கற்பனை பயம் அல்ல. 2007 தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், அந்த ஆண்டு முடிவதற்குள் 40க்குக் கீழே போனது.

இதற்குத்தான் வங்கியில் 'பார்வர்டு' போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வரும் டாலரை என்ன விலைக்கு வாங்கிக்கொள்வது என்று வங்கி இன்றே எழுதிக் கொடுத்துவிடும். நம் நிறுவனத்துக்கு அது 84.75 என்று சொல்கிறது.

இன்றைய விலையைவிட 75 பைசா கூடுதலாக வங்கி ஏன் தருகிறது? டாலர் ஏறும் என்று அது கணித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதில் கணிப்பே இல்லை, வட்டிதான் இருக்கிறது. வங்கி இன்றே டாலரைக் கடன் வாங்கி, 84க்கு விற்று, ரூபாயாக்கி வட்டிக்கு விடலாம். ஆறு மாதத்தில் ஏற்றுமதியாளர் தரும் டாலரைக் கொண்டு அந்தக் கடனை அடைத்துவிடலாம். டாலர் கடனுக்கு ஆண்டுக்கு 4.5%, ரூபாய்க்கு 6.5% வட்டி என்றால், ஆறு மாதத்துக்கான வித்தியாசம் ஏறக்குறைய 1%. அதாவது டாலருக்கு சுமார் 82 பைசா. அதில் 7 பைசாவைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை வங்கி தருகிறது. இதற்குப் பெயர் பிரீமியம். ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை இது ஏற்றுமதியாளருக்குச் சாதகம்.

84.75 என்றால் பீஸுக்கு 339 ரூபாய். லாபம் 23 ரூபாய், மொத்தம் 11.5 லட்சம். டாலர் இனி எங்கே போனாலும் இது மாறாது.

மாறாது என்பதுதான் சிலருக்கு உறுத்துகிறது. 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது. மே மாதம் பார்வர்டு போட்டவர்கள், போடாத பக்கத்து கம்பெனியைப் பார்த்து மனம் நொந்திருப்பார்கள். ஆனால் அதை நஷ்டம் என்று எழுதுவது தவறு. ஆர்டர் எடுத்த அன்று போட்ட காஸ்டிங்கில் எவ்வளவு லாபம் எதிர்பார்த்தார்களோ அது அப்படியே வந்தது. பார்வர்டை ஒப்பிட வேண்டியது அந்த காஸ்டிங் தாளோடுதான். முடிவு நாளின் டாலர் விலையோடு அல்ல.

உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2 லட்சம் டாலருக்கும் பார்வர்டு போட்ட பிறகு, பையர் ஆர்டரைக் குறைத்து 1,20,000 டாலர் மட்டுமே அனுப்பினால்? மீதி 80,000 டாலருக்கான ஒப்பந்தத்தை ரத்து செய்தாக வேண்டும். அன்று டாலர் 88 என்றால், டாலருக்கு 3.25 ரூபாய் வீதம் 2,60,000 ரூபாயை வங்கிக்குக் கட்ட வேண்டும். சரக்கும் போகவில்லை, டாலரும் வரவில்லை, கைப்பணம்தான் போகிறது. டாலர் இறங்கியிருந்தால் அந்த ரத்து இழப்பைத் தராது. ஆனால் அதை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது.

ஆகவே ஆர்டர் முழுவதற்கும் பார்வர்டு போடாமல், நிச்சயம் வரும் என்று நம்பும் பங்குக்கு மட்டும் போடுவது நல்லது. பழைய பையர், நூல் கைவசம் இருக்கிறது என்றால் முக்கால் பங்குவரை போகலாம். புதிய பையர் என்றால் பாதி போதும். ஷிப்மென்ட் புறப்பட்ட பிறகு மீதியைப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் வரும் நாளும் சில வாரம் முன்பின் ஆகும். அதற்காக ஒரே நாளைக் குறிக்காமல், ஒரு மாதத்துக்குள் எந்த நாளிலும் டாலரைக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் போடும் வசதி உண்டு. ஆனால் அப்போது வங்கி அந்த மாதத்தின் முதல் நாள்வரைக்கான பிரீமியத்தைத்தான் தரும். நம் நிறுவனம் ஆறாவது மாதம் முழுவதையும் கேட்டால், ஐந்து மாத பிரீமியம்தான் கிடைக்கும். டாலருக்குப் பத்துப் பதினைந்து பைசா குறையும். எல்.சி. போட்டு நாள் தவறாமல் பணம் அனுப்பும் பையரிடம் அந்தக் காசை விட வேண்டியதில்லை. சரக்கு சேர்ந்த பிறகும் இழுத்தடிப்பவரிடம் விட்டே ஆக வேண்டும்.