சாமைப் பொங்கலுக்கு ஒரு தலைப்பு

திருநாவலூரிலிருந்து சமையல் காணொலிகள் வெளியிடத் தொடங்கியுள்ள ஒரு பெண், கல்வராயன் மலைச் சாமையில் செய்த பொங்கலுக்கு 'மலை மண்ணின் மணம்! மறக்க முடியாத காலை உணவு' என்று தலைப்பிட்டிருந்தார். அழகிய தொடர்தான். ஆனால், வீட்டில் சாமையை வைத்துக்கொண்டு செய்முறை தேடுபவர் எவரும் இச்சொற்களைத் தட்டச்சு செய்யமாட்டார்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைக் கடந்தது. அத்தகையோரின் காணொலியை யூடியூப் தானே முன்வந்து பரிந்துரைக்கும். புதியவருக்கோ தேடல் பெட்டிதான் வாசல்.

ஆகவே, தலைப்பை எழுதுமுன் அப்பெட்டியில் samai என்று தட்டச்சு செய்து, கீழே விரியும் பரிந்துரைகளைப் பார்க்க வேண்டும். நம் பழைய தேடல்கள் கலந்துவிடாதிருக்க, மறைநிலைச் சாளரத்தில் பார்ப்பது நல்லது. தமிழர் பலர் தமிழை ஆங்கில எழுத்திலேயே தேடுவதால், உணவின் பெயர் இரு எழுத்துகளிலும் வேண்டும். யூடியூப் தலைப்புக்கு 100 குறிகளே எல்லை. தமிழில் துணைக்காலும் புள்ளியும்கூடத் தனிக்குறிகளாக எண்ணப்படும். கண்ணுக்கு ஏழு எழுத்தாகத் தெரியும் 'சாமைப் பொங்கல்', இடைவெளியோடு 14 குறிகளை எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது ஆவல். 'இந்த ஒரு பொருள் போதும்' என்று மர்மம் காட்டும் தலைப்புகள் எனக்கு எரிச்சலையே தருகின்றன. சாமைப் பொங்கல் செய்தவருக்கு உண்மையான சிக்கல் ஒன்று உண்டு: ஆறியதும் அது களியாக இறுகிவிடும். அப்பெண்ணின் காணொலியில் அதற்கு விடை இருந்தது. ஒரு கப் சாமை, கால் கப் பாசிப்பருப்புக்கு நான்கு கப் தண்ணீர் வைத்துக் குழைய வேகவிட்டு, தாளித்த பின் அரைக் கப் வெந்நீரைக் கலக்கிறார். சிக்கலைத் தலைப்பில் சொல்லி, வெந்நீரைக் காணொலிக்குள் விட்டுவைக்கலாம்:

சாமைப் பொங்கல்: ஆறினாலும் இறுகாமல் இருக்க | Samai Pongal Recipe in Tamil

இது 72 குறிகள். கைப்பேசியில் வால்பகுதி வெட்டுப்படக்கூடும் என்பதால் உணவின் பெயர் முதலில் நிற்கிறது.

தலைப்பு பலித்ததா என்பதை யூடியூப் ஸ்டூடியோவில் 28 நாள் கணக்கில் பார்க்கலாம். தேடலில் எந்தச் சொற்களால் வந்தனர் என்ற பட்டியல் அங்கே உண்டு. அதில் நாம் எழுதாத சொல் மேலே நின்றால் அதைத் தலைப்பில் சேர்க்கலாம். காணொலி பலருக்குக் காட்டப்பட்டும் சொடுக்குவோர் குறைவென்றால், ஆவல் பகுதியையோ முகப்புப் படத்தையோ மாற்றிப் பார்க்க வேண்டும். சொடுக்கியவர்கள் முதல் அரை நிமிடத்திலேயே வெளியேறினால், தலைப்பு சொன்னது அங்கே கண்ணில் படவில்லை என்றே நான் கொள்வேன். அப்போது தலைப்பைத் தொடாமல், ஆறியும் இறுகாத பொங்கலைக் கரண்டியில் எடுத்துக் காட்டும் காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்து, அடுத்த காணொலியை வெட்டித் தொகுக்கலாம்.